ஸ்டேட்டஸை மறைச்ச பிறகும் சூப்பர்வைசர் எப்படிப் பார்த்தார்?

(ஒலி வடிவில் வந்த பகுதியின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு நடை ஓரளவு சீர்செய்யப்பட்டிருக்கிறது.)

நான் திருப்பாச்சூர்ல சின்னதா ஒரு செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் காக்களூர் எஸ்டேட்டுக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஷிப்ட் போறவங்க. டிஸ்ப்ளே உடைஞ்சது, சார்ஜ் ஏறலைன்னு வந்தாலும், போகும்போது கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. “அண்ணே, என் ஸ்டேட்டஸை யார் யாரெல்லாம் பார்க்குறாங்க?” இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன். எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்தை வச்சே சொல்றேன்.

எங்க சித்தி பொண்ணு, எனக்குத் தங்கச்சி முறை. ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் லேபரா இருந்தா. வேற ஒரு இடத்துல இன்டர்வியூ வந்தது. லீவு கேட்டா கிடைக்காதுன்னு, காலையில சூப்பர்வைசருக்கு “காய்ச்சல் சார், வர முடியல”ன்னு ஒரு மெசேஜ் போட்டுட்டுக் கிளம்பிட்டா. நல்ல புடவை கட்டிக்கிட்டு, கையில ஃபைலோட, சிப்காட் கேட்டுக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ. “புது ஆரம்பம்”னு எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா. அப்போ மணி 9:10.

கால் மணி நேரம் கழிச்சுத்தான் அவளுக்கு உறைச்சது. சூப்பர்வைசர் நம்பர் போன்ல சேவ் ஆகியிருக்கே! உடனே செட்டிங்க்ஸுக்குள்ள போய், அவர் பேரைத் தேடி, அவருக்கு மட்டும் தெரியாத மாதிரி மறைச்சா. பார்த்தவங்க பட்டியலைத் திறந்தா அதுல அவர் பேர் இல்ல. அப்பாடான்னு இன்டர்வியூக்கு உள்ளே போயிட்டா. மதியம் பார்த்தா, ராத்திரி பார்த்தா, அப்பவும் அவர் பேர் இல்ல. மொத்தம் 46 பேர் பார்த்திருந்தாங்க, அதுல அவர் கிடையாது.

மறுநாள் வேலைக்குப் போனா, லைன்ல எல்லார் முன்னாடியும் அவர் கேட்டாராம். “என்னம்மா, சிப்காட் காத்துல காய்ச்சல் குறைஞ்சுதா?”

அன்னைக்குச் சாயங்காலம் கண்ணெல்லாம் சிவந்து நேரா கடைக்கு வந்தா. “அண்ணா, நான் மறைச்சேன். லிஸ்ட்லயும் அவர் பேர் இல்ல. அப்புறம் எப்படி?” இந்த ஒரு கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. மறைச்சதுக்கு அப்புறமும் அவருக்கு எப்படிப் போச்சு? பார்த்திருந்தா பட்டியல்ல பேர் ஏன் வரல? ரெண்டையும் ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம்.

போஸ்டர் இல்ல, பத்திரிகை

ஸ்டேட்டஸ்னா பஸ் ஸ்டாண்ட் சுவத்துல ஒட்டுற போஸ்டர் மாதிரின்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். நாம ஒட்டுறோம், வர்றவங்க போறவங்க பார்க்கிறாங்க, வேண்டாத ஆளு வந்தா ஒரு துணியைப் போட்டு மூடிடலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அப்படி வேலை செய்யறதில்ல. அது கல்யாணப் பத்திரிகை மாதிரி. யார் யாருக்கு வைக்கணும்னு முதல்ல ஒரு பட்டியல் போடுறோம். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பத்திரிகை போயிடுது. பத்திரிகை வச்சுட்டு வந்த பிறகு, வீட்டுல உக்காந்து பட்டியல்ல ஒரு பேரை அடிச்சா, அவங்க கையில இருக்கிற பத்திரிகை மறைஞ்சிடுமா?

2017 பிப்ரவரியில வாட்ஸ்அப் இப்போ இருக்கிற இந்த ஸ்டேட்டஸைக் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி ஸ்டேட்டஸ்னா “Available”, “Busy”ன்னு பேருக்குக் கீழே ஒரு வரி எழுதி வைக்கிறது மட்டும்தான். 24 மணி நேரத்துல மறையுற போட்டோவும் வீடியோவும் வந்தது அப்போதான். அந்த போட்டோவும், நம்ம சாட் மெசேஜ் மாதிரியே, நடுவுல யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் போகுது. குரூப்ல மெசேஜ் போடும்போது எப்படிப் பூட்டுதோ, ஏறக்குறைய அதே முறை. நம்ம போன் ஒரு சாவி தயார் பண்ணி, பட்டியல்ல இருக்கிற ஒவ்வொருத்தர் போனுக்கும் தனித்தனியா அந்தச் சாவியை அனுப்பிடும். பூட்டின போட்டோவை அந்தச் சாவி இருக்கிறவங்க திறந்து பார்க்கலாம்.

இப்போ தங்கச்சி விஷயத்துக்கு வருவோம். 9:10க்கு அவ அனுப்பும்போது சூப்பர்வைசர் பட்டியல்ல இருந்தார், சாவி அவர் போனுக்கும் போயிடுச்சு. 9:25க்கு அவ அவரை மறைச்சப்போ என்ன நடந்திருக்கும்? அவ போன் பழைய சாவியைத் தூக்கிப் போட்டுட்டு, அடுத்த ஸ்டேட்டஸுக்குப் புதுச் சாவி பண்ணத் தயாராயிடும். ஒருத்தரைப் பட்டியல்லேர்ந்து எடுத்தா அப்படித்தான் செய்யும். ஆனா புதுச் சாவி இனிமே போடப் போற ஸ்டேட்டஸுக்குத்தான். ஏற்கனவே போனது போனதுதான். பிரைவசி செட்டிங்கை மாத்தினா முன்னாடி அனுப்பின ஸ்டேட்டஸ் மாறாதுன்னு வாட்ஸ்அப்பே தன் உதவிப் பக்கத்துல சொல்லியிருக்கு. அதை யார் படிக்கிறா?

அந்த நேரத்துல அவ செஞ்சிருக்க வேண்டியது மறைக்கிறது இல்ல, அழிக்கிறது. ஸ்டேட்டஸைத் திறந்து, மூணு புள்ளியைத் தொட்டு, Delete குடுத்தா அது எல்லார் போன்லேர்ந்தும் எடுத்துடும். முதல்ல அழிக்கணும், அப்புறம் மறைக்கணும், அதுக்கப்புறம் வேணும்னா திரும்பப் போடணும். இந்த வரிசையை மட்டும் மறக்காதீங்க. அழிக்கிறதுக்குள்ள ஒருத்தர் பார்த்துட்டாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டாலோ அதுக்கு மருந்து கிடையாது. ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்தா நமக்குத் தகவலும் வராது.

யார் பட்டியல்ல வர்றாங்க?

நம்ம போன்ல ஒருத்தர் நம்பர் சேவ் ஆகியிருக்கணும், அவர் போன்லயும் நம்ம நம்பர் சேவ் ஆகியிருக்கணும். ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் ஸ்டேட்டஸ் தெரியும். ஒரே குரூப்ல இருக்கிறதால மட்டும் தெரியாது. அதனாலதான் “என் போன்ல முந்நூறு நம்பர் இருக்கு, நாப்பது பேர்தான் பார்க்குறாங்க”ன்னு சில பேர் வருத்தப்படுறாங்க. கேஸ் போடுறவர், பிளம்பர், ஆட்டோக்காரர்னு நாம சேவ் பண்ணி வச்சிருக்கிற எத்தனையோ பேர் நம்மளை சேவ் பண்ணியிருக்க மாட்டாங்க. அவங்களுக்கு நம்ம ஸ்டேட்டஸ் வரவே வராது.

மறைக்கிற இடம் இதுதான்: `Settings` → `Privacy` → `Status`. உள்ளே மூணு வழி இருக்கும். `My contacts`னா மேல சொன்ன எல்லாருக்கும் போகும். `My contacts except...`னா நாம தேர்ந்தெடுத்தவங்களைத் தவிர மத்தவங்களுக்குப் போகும். `Only share with...`னா தேர்ந்தெடுத்தவங்களுக்கு மட்டும் போகும்.

ரெண்டாவதும் மூணாவதும் ஒரே விஷயத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி தோணும். புதுசா ஒரு நம்பர் சேவ் பண்ணும்போதுதான் வித்தியாசம் தெரியும். நீங்க `except` வச்சிருக்கீங்கன்னு வைங்க. நாளைக்குப் புது ஹெச்.ஆர். மேடம் நம்பரை சேவ் பண்றீங்க. அவங்க விலக்குப் பட்டியல்ல இல்ல, அதனால தானா உள்ளே வந்துடுவாங்க. `Only share with` வச்சிருந்தா, நீங்களா போய் டிக் பண்ணாத வரைக்கும் அவங்களுக்கு எதுவும் போகாது. கான்ட்ராக்ட் வேலையில மூணு மாசத்துக்கு ஒரு தடவை சூப்பர்வைசர் மாறுறாங்க, புதுப் புது நம்பர் சேவ் பண்ண வேண்டியிருக்கு. இப்படி இருக்கிறவங்களுக்கு நான் `Only share with` தான் வச்சுக் குடுக்கிறேன். முதல் தடவை முப்பது நாப்பது பேரை டிக் பண்றது கொஞ்சம் வேலைதான், ஆனா அதுக்கப்புறம் நிம்மதி.

ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர் இருந்து, ரெண்டையும் சேவ் பண்ணியிருந்தா, ரெண்டையும் தனித்தனியா மறைக்கணும். இதுல ஏமாந்தவங்க நிறைய பேர் கடைக்கு வந்திருக்காங்க.

இன்னொரு குழப்பம் மியூட். “அண்ணே, அவரை மியூட் பண்ணிட்டேன், இனிமே அவருக்கு என் ஸ்டேட்டஸ் தெரியாதுல்ல?”ன்னு கேப்பாங்க. அது தலைகீழ். மியூட் பண்ணா அவர் ஸ்டேட்டஸ் நம்ம கண்ணுல படாம ஒதுங்கிப் போகும். நம்ம ஸ்டேட்டஸ் வழக்கம்போல அவருக்குப் போய்க்கிட்டேதான் இருக்கும். அதே மாதிரி, நாம ஒருத்தர்கிட்டேர்ந்து நம்ம ஸ்டேட்டஸை மறைச்சாலும் அவர் போடுறது நமக்குத் தெரியும். திறந்து பார்த்தா நம்ம பேர் அவர் பட்டியல்ல விழும். மறைச்ச ஆளோட பட்டியல்ல முதல் ஆளா நம்ம பேர் நிக்கிறது கொஞ்சம் சங்கடம்தான்.

மறைச்சது அவருக்குத் தெரியுமா? வாட்ஸ்அப் சொல்லாது. ஆனா ஊர் சொல்லும். “உன் ஸ்டேட்டஸ்ல போட்டோ பார்த்தேன், சூப்பர்”னு பக்கத்து சீட் அக்கா அவர் முன்னாடியே சொன்னா முடிஞ்சுது. 2024 அக்டோபர்ல வாட்ஸ்அப் இன்னொரு வசதி குடுத்தது. ஸ்டேட்டஸ்ல ஒருத்தரைக் குறிப்பிட்டா, அவர் அதைத் தன்னோட ஸ்டேட்டஸா மறுபடி போடலாம். அப்படிப் போட்டா அது அவரோட பட்டியலுக்குப் போகும். நாம மறைச்ச ஆள் அந்தப் பட்டியல்ல இருந்தா, நாம மறைச்சது வீண்.

பேர் ஏன் வரல?

இப்போ ரெண்டாவது கேள்வி. 46 பேர் பட்டியல்ல சூப்பர்வைசர் இல்லையே?

பதிவுத் தபால்ல லெட்டர் கூட ஒரு ஒப்புகை அட்டை வச்சு அனுப்புவோம், ஞாபகம் இருக்கா? வாங்கினவர் கையெழுத்துப் போட்டதும் அந்த அட்டை நமக்குத் திரும்பி வரும். பார்த்தவங்க எண்ணிக்கையும் அந்த மாதிரிதான். ஒருத்தர் நம்ம ஸ்டேட்டஸைத் திறந்ததும் அவர் போன் “பார்த்தாச்சு”ன்னு நம்ம போனுக்கு ஒரு தகவல் அனுப்பும். அப்படி வந்து சேர்ந்ததைத்தான் கண் படத்துக்குப் பக்கத்துல எண்ணா காட்டுறாங்க. அந்த எண் எத்தனை பேர் பார்த்தாங்கன்னு சொல்றது இல்ல, எத்தனை பேர்கிட்டேர்ந்து ஒப்புகை வந்ததுன்னு சொல்றது. பார்க்கிறவர் ஒப்புகை அனுப்பாமலே பார்க்க முடியும்.

எப்படின்னா, `Settings` → `Privacy`ல `Read receipts`னு ஒரு பொத்தான் இருக்கு. நாம ப்ளூ டிக்னு சொல்றோமே, அதேதான். அதை அணைச்சு வச்சா மெசேஜுக்கு ப்ளூ டிக் போகாது, ஸ்டேட்டஸ் பார்த்த தகவலும் போகாது. ரெண்டுக்கும் ஒரே பொத்தான்.

நான் தங்கச்சிகிட்ட கேட்டேன். “அவருக்கு நீ அனுப்புற மெசேஜுக்கு ப்ளூ டிக் வருமாம்மா?” அவ சாட்டைத் திறந்து காட்டினா. ஆறு மாசமா அனுப்பின எல்லா மெசேஜுக்கும் ரெண்டு சாம்பல் டிக்தான். ஆனா பதில் மட்டும் கரெக்டா வந்திருக்கு. “காய்ச்சல் சார்”ங்கிற மெசேஜுக்கும் “ok” வந்திருக்கு, டிக் மட்டும் நீலம் ஆகல. படிக்காம எப்படி பதில் போடுவார்? அப்போ அவர் ப்ளூ டிக்கை அணைச்சு வச்சிருக்கார். அவர் தினமும் அவ ஸ்டேட்டஸைப் பார்த்தாலும் பேர் ஒரு நாளும் பட்டியல்ல வராது.

நீங்களும் இதை இப்படிக் கண்டுபிடிக்கலாம். உங்க போன்ல ப்ளூ டிக் ஆன்ல இருக்கணும், அது முக்கியம். அப்புறம் அந்த ஆளோட தனி சாட்டைப் பாருங்க. பதில் வந்த மெசேஜ்கூட சாம்பலாவே இருந்தா, அவர் அணைச்சு வச்சிருக்கார். குரூப்ல பார்த்தா ஏமாந்துடுவீங்க. அந்தப் பொத்தான் குரூப் மெசேஜைக் கட்டுப்படுத்தாது, அங்கே அவர் படிச்சது தெரியத்தான் செய்யும்.

இதுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கு. டிபன் கடை வச்சிருக்கிற ஒரு அக்கா, தினமும் மதிய மெனுவை ஸ்டேட்டஸ்ல போடுவாங்க. ஒரு நாள் வந்து, “தம்பி, ஒரு வாரமா ஒருத்தர்கூட என் ஸ்டேட்டஸைப் பார்க்கல, ஆனா ஆர்டர் வருது, எனக்கு ஒண்ணும் புரியல”ன்னாங்க. போனை வாங்கிப் பார்த்தா, அவங்க ப்ளூ டிக்தான் அணைஞ்சிருந்தது. பையன் ஏதோ நோண்டியிருக்கான். நாம அணைச்சா, நமக்கு வர வேண்டிய ஒப்புகையும் காட்டமாட்டாங்க. குடுக்காதவங்களுக்குக் கிடைக்காது, அதுதான் கணக்கு. அதனால பார்த்தவங்க யாருமே இல்லைன்னு காட்டினா, முதல்ல நம்ம செட்டிங்கைப் பாருங்க.

எண்ணிக்கையைப் பத்தி இன்னும் கொஞ்சம். ஒருத்தர் பத்து தடவை பார்த்தாலும் பட்டியல்ல ஒரு பேர்தான். ஒரே போனை வீட்டுல நாலு பேர் சேர்ந்து பார்த்தாலும் ஒரு பேர்தான். மூணு போட்டோ போட்டா மூணுக்கும் தனித்தனிப் பட்டியல். முதல் போட்டோவைப் பார்த்துட்டு வெளியே போறவங்க இருப்பாங்க, அதனால கடைசிப் போட்டோவுக்கு எண் குறைவா இருக்கிறது சகஜம். 24 மணி நேரம் முடிஞ்சு ஸ்டேட்டஸ் மறையும்போது பட்டியலும் போயிடும். பட்டியல் எதுக்காவது தேவைப்பட்டா அதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கணும்.

சரியா மறைஞ்சிருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

தங்கச்சிக்கு நான் கடையிலயே செஞ்சு காட்டினேன். என் நம்பரும் அவ நம்பரும் ரெண்டு பக்கமும் சேவ் ஆகியிருக்கு. முதல்ல என்னை விலக்குப் பட்டியல்ல சேர்க்கச் சொன்னேன். கலர் பேக்ரவுண்ட்ல “டெஸ்ட்”னு ஒரு ஸ்டேட்டஸ் போட்டா. என் போன்ல எதுவும் வரல. அப்புறம் என்னை எடுத்துட்டு இன்னொண்ணு போட்டா, உடனே வந்துடுச்சு. இப்போ மறுபடி என்னை மறைக்கச் சொன்னேன். ரெண்டாவதா போட்டது என் போன்ல அப்படியே இருந்தது! அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் புரிஞ்சுது. கடைசியா அவ Delete குடுத்தா, என் போன்லேர்ந்தும் போயிடுச்சு. மொத்தமே அஞ்சு நிமிஷம்தான். நம்பிக்கையான ஒருத்தரை வச்சு நீங்களும் வீட்டுல செஞ்சு பார்க்கலாம்.

சூப்பர்வைசர் தன் போன்லயே பார்த்தாரா, இல்ல அந்த 46 பேர்ல ஒருத்தர் காட்டினாங்களான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். அவர் பார்த்திருக்க வழி இருந்தது, பேர் வராம இருக்கவும் காரணம் இருந்தது. அந்தப் பட்டியல் அவரைக் காட்டாததால அவர் பார்க்கலைன்னு நினைச்சதுதான் தப்பாப் போச்சு. பேர் இருந்தா பார்த்தாங்கன்னு நம்பலாம். பேர் இல்லைன்னா பார்க்கலைன்னு நம்பக் கூடாது.

அந்த மாசம் முழுக்க அவளுக்கு நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க. எங்க சித்தி ரெண்டு நாள் சரியா சாப்பிடல, ராத்திரியில பொண்ணு பஸ்ஸுக்கு நிக்கணுமேன்னு. இன்டர்வியூ முடிவு இன்னும் வரல. ஸ்டேட்டஸ் இப்பவும் போடுறா, `Only share with`ல முப்பத்தி ரெண்டு பேர். அதுல கம்பெனி ஆளு ஒருத்தரும் கிடையாது. என்னையும் சேர்த்திருக்காளான்னு கேட்டேன். “டெஸ்ட் பண்ணிப் பாருண்ணா”ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டா.

உங்களுக்கும் இந்த மாதிரி போன் சந்தேகம் இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, அடுத்தடுத்த வாரங்கள்ல எடுத்துப் பேசலாம். வரட்டுமா, வணக்கம்.